சைக்ளோஸ்போரினா, டாக்ரோலிமஸா: கால்சிநியூரினை அடக்கும் இரண்டு மருந்துகளில் எது, யாருக்கு?

மாற்று சிறுநீரகம் பொருத்தியவரின் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் மூன்று நோயெதிர்ப்பு அடக்கிகள் இருக்கும். பிரெட்னிசோலோன், மைக்கோஃபினோலேட், மூன்றாவதாக சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ். முதல் இரண்டைப் பற்றி அதிகம் வாதம் எழுவதில்லை. கேள்வி எழுவது மூன்றாவதில்தான். புதிதாக அறுவை செய்துகொண்டவருக்கு எதில் தொடங்குவது, பல வருடமாக சைக்ளோஸ்போரினில் இருப்பவரை மாற்றலாமா, டாக்ரோலிமஸில் இருப்பவரை எப்போதாவது திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்குமா என்று அது மூன்று விதமாக வரும்.

"டாக்ரோலிமஸ் பிந்தி வந்தது, அதனால் அதுதான் நல்லது" என்ற பதில் முக்கால்வாசி சரி. மீதி கால்வாசியைப் புரிந்துகொள்ள, இரண்டும் டி செல்லுக்குள் எங்கே கைவைக்கின்றன என்று பார்க்க வேண்டும். இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் சிறுநீரக மாற்றுக்கானவை. கல்லீரலுக்கும் இதயத்துக்கும் இலக்குகள் வேறு.

டி செல்லுக்குள் நடப்பது

அந்நிய உறுப்பின் புரதத் துணுக்கை டி செல்லின் ஏற்பி தொட்டதும், செல்லின் உள்ளறையில் சேமித்து வைத்திருந்த கால்சியம் முதலில் அந்த அறையிலிருந்து செல்லுக்குள் கொட்டுகிறது. அந்தச் சேமிப்பு காலியானது தெரிந்ததும் செல்லின் மேற்சவ்வில் உள்ள கால்சியக் கதவுகள் திறக்கின்றன. வெளியிலிருந்தும் கால்சியம் உள்ளே பாய்கிறது. இந்தக் கால்சியம் கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்கிறது, கால்மாடுலின் போய் கால்சிநியூரினைப் பிடிக்கிறது. கால்சிநியூரின் ஒரு நொதி. தன் வேலை செய்யும் குழியைத் தன் வாலாலேயே மூடி வைத்திருக்கும். கால்மாடுலின் வந்து ஒட்டியதும் அந்த வால் விலகிக்கொள்கிறது.

வால் விலகிய கால்சிநியூரினின் முக்கிய இரை என்ஃபாட் என்ற புரதம். ஓய்வாக இருக்கும் டி செல்லில் என்ஃபாட் உடம்பெல்லாம் பாஸ்பேட் ஒட்டிய நிலையில் சைட்டோபிளாசத்தில் கிடக்கும். அந்தப் பாஸ்பேட்டுகளைக் கால்சிநியூரின் பிய்த்தெடுத்ததும், அதுவரை மறைந்திருந்த 'உட்கருவுக்குப் போ' என்ற அடையாளம் வெளியே தெரிகிறது. என்ஃபாட் உட்கருவுக்குள் போய், இன்னும் சில புரதங்களோடு சேர்ந்து இன்டர்லூக்கின்-2 மரபணுவை முடுக்குகிறது. இன்டர்லூக்கின்-2 வந்தால் அந்த டி செல் பெருகும், அதன் பிள்ளைகள் சிறுநீரகத்துக்குள் நுழையும். நிராகரிப்பு என்பது இதுதான்.

சைக்ளோஸ்போரின் பதினொரு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த ஒரு பெப்டைடு. அது தனியாகக் கால்சிநியூரினை ஒன்றும் செய்யாது. செல்லுக்குள் நிறைய இருக்கும் சைக்ளோஃபிலின் என்ற புரதத்தோடு முதலில் சேர வேண்டும். சேர்ந்த ஜோடிதான் கால்சிநியூரினின் இரண்டு துணைப் பகுதிகள் சந்திக்கும் இடத்தில் போய் உட்கார்கிறது. என்ஃபாட் வந்து பற்றிக்கொள்ள வேண்டிய பள்ளம் அங்கேதான் இருக்கிறது. நொதியின் வெட்டும் குழி கெடுவதில்லை. சின்ன மூலக்கூறு ஒன்றைக் கொடுத்தால், மருந்து உட்கார்ந்திருக்கும்போதும் கால்சிநியூரின் அதிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும். என்ஃபாட் போன்ற பெரிய புரதம்தான் நெருங்க முடியாமல் நிற்கிறது. கத்தி கூராகவே இருக்கிறது, காய் பலகைக்கு வருவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

டாக்ரோலிமஸின் வேதிக் குடும்பமே வேறு. அது பெப்டைடு இல்லை, மேக்ரோலைடு. செல்லுக்குள் அது பிடிக்கும் துணையும் வேறு, எஃப்கேபிபி-12 என்ற சிறு புரதம். ஆனால் அந்த ஜோடி போய் உட்கார்வது கால்சிநியூரினின் அதே இடத்தில், அதே பள்ளத்தை அடைத்து. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மூலக்கூறுகள், ஒரு பூஞ்சையிலிருந்து ஒன்றும் ஒரு பாக்டீரியாவிலிருந்து ஒன்றும், வெவ்வேறு புரதங்களைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பது 1991-இல் வெளிவந்தபோது துறையில் பலருக்கு வியப்புதான்.

இங்கிருந்து முடிவெடுப்பவருக்கு இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதில் பயனில்லை. அடைக்க வேண்டிய பள்ளம் ஒன்றே, சிறுநீரகத்துக்கு வரும் நச்சு மட்டும் கூடும். இரண்டாவது, இந்த மருந்துகள் டி செல்லைக் கொல்வதில்லை, வாயை மூடி வைக்கின்றன. ரத்தத்தில் மருந்து இறங்கினால் சில மணி நேரத்தில் கால்சிநியூரின் மீண்டும் வேலை செய்யும். மாத்திரையைத் தவறவிட்ட வாரம் ஏன் ஆபத்தானது என்றால், அந்த டி செல்கள் அத்தனையும் அங்கேயே உயிரோடுதான் இருக்கின்றன.

மண்ணிலிருந்து மருந்துச் சீட்டு வரை

நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியிலிருந்து சாண்டோஸ் நிறுவன ஊழியர் ஒருவர் விடுமுறையில் எடுத்துவந்த மண்ணில் கிடைத்த பூஞ்சை டோலிபோகிளாடியம் இன்ஃப்ளேட்டம். பூஞ்சைக் கொல்லியைத் தேடித்தான் பாசல் நகரத்து ஆய்வகத்தில் அதை வளர்த்தார்கள். அந்த வேலைக்கு அது அவ்வளவாகத் தேறவில்லை. 1972-இல்தான் அதன் நோயெதிர்ப்பை அடக்கும் குணம் எலிகளில் தெரிந்தது. 1978-இல் கேம்பிரிட்ஜில் அறுவை மருத்துவர் ராய் கால்ன் மனிதர்களுக்குக் கொடுத்தபோது தொடக்க அளவு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம். இன்றைய கண்ணுக்கு அது மலைக்க வைக்கும் அளவு. நிராகரிப்பு குறைந்தது, ஆனால் சிறுநீரக நச்சும் லிம்போமாவும் உடனே தலைகாட்டின. அமெரிக்காவில் 1983-இல் அனுமதி கிடைத்தது. டாக்ரோலிமஸ் 1984-இல் ஜப்பானின் த்சுகுபா பகுதி மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸிலிருந்து கிடைத்தது.

அந்த முதல் அளவின் பாடம் இன்றும் செல்லும். கால்சிநியூரினை முழுக்க அடைப்பது நோக்கமே இல்லை. நன்றாக இருக்கும் நோயாளியிலும் நாளின் பெரும்பகுதியில் அது பாதி அளவுக்குத்தான் அடங்கியிருக்கும். கிருமியை எதிர்க்கக் கொஞ்சம் மிச்சம் வேண்டும்.

'டாக்ரோலிமஸ் வலுவானது' என்றால் என்ன?

டாக்ரோலிமஸின் ரத்த இலக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 நானோகிராம். சைக்ளோஸ்போரினுக்கு 100 முதல் 200, முதல் மாதங்களில் 300 வரை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பவர்கள் "இருபது மடங்கு வலு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது குறைந்த பொருளில் அதே வேலை நடக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. நோயாளிக்கு இருபது மடங்கு பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

உண்மையான வித்தியாசத்தைச் சொல்வது சிம்பொனி என்ற ஆய்வு. 2007-இல் வெளியானது, 1645 பேர், நான்கு குழுக்கள்: வழக்கமான அளவு சைக்ளோஸ்போரின், குறைந்த அளவு சைக்ளோஸ்போரின், குறைந்த அளவு டாக்ரோலிமஸ், குறைந்த அளவு சிரோலிமஸ். எல்லோருக்கும் மைக்கோஃபினோலேட்டும் ஸ்டீராய்டும் உண்டு. ஒரு வருடத்தில் பயாப்சியில் உறுதியான நிராகரிப்பு, வழக்கமான சைக்ளோஸ்போரின் குழுவில் 25.8 சதவீதம், டாக்ரோலிமஸில் 12.3 சதவீதம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் டாக்ரோலிமஸ் குழுவில் நிமிடத்துக்குச் சுமார் 65 மில்லிலிட்டர், மற்ற குழுக்களில் 57 முதல் 59 வரை. புதிதாக அறுவை செய்துகொண்டவருக்கு முதல் தேர்வு டாக்ரோலிமஸ் என்று கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி சொல்வதற்கு இந்த எண்கள்தான் அடிப்படை. அதை மறுக்க நல்ல காரணம் வேண்டும்.

ஆனால் ஒரே பள்ளத்தை அடைக்கும் இரண்டு மருந்துகளுக்குள் நிராகரிப்பு ஏன் பாதியாகக் குறைய வேண்டும்? அதில் ஒரு பங்கு மைக்கோஃபினோலேட்டுக்குச் சேரும் என்பது என் கணிப்பு. மைக்கோஃபினோலேட்டின் கழிவுப்பொருள் கல்லீரலிலிருந்து பித்தத்தோடு குடலுக்குப் போய், அங்கே மீண்டும் மருந்தாக மாறி ரத்தத்துக்குத் திரும்பும். கல்லீரலிலிருந்து பித்தத்துக்குள் அதைத் தள்ளும் பம்பை சைக்ளோஸ்போரின் தடுத்துவிடுகிறது. அந்தச் சுற்று அறுபடுவதால், அதே 2 கிராம் மைக்கோஃபினோலேட்டை விழுங்கினாலும் சைக்ளோஸ்போரின் எடுப்பவரின் ரத்தத்தில் அதன் செயல்படு பொருள் மூன்றில் ஒரு பங்கு போலக் குறைவாகவே தங்கும். சிம்பொனியில் எல்லோருக்கும் கொடுத்தது அந்த 2 கிராம்தான். இந்த விஷயம் மருந்தை மாற்றும்போது நேரடியாகத் தலையிடும், கீழே வருகிறேன்.

அளக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு

டாக்ரோலிமஸுக்கு அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன் எடுக்கும் ரத்தம், அதாவது அடிமட்ட அளவு, போதுமான அளவுக்கு உண்மையைச் சொல்லும். சைக்ளோஸ்போரினுக்கு அது அரைகுறையாகத்தான் சொல்லும். விழுங்கிய ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அது உச்சிக்கு ஏறி, பிறகு வேகமாகச் சரியும். கால்சிநியூரின் அடங்குவதும் அந்த உச்சியை ஒட்டித்தான். அடிமட்டத்தில் ஒரே எண் காட்டும் இருவரில் ஒருவருக்கு உச்சி 1200 ஆகவும் இன்னொருவருக்கு 500 ஆகவும் இருக்கலாம். இரண்டாமவருக்குக் குடலில் மருந்து சரியாக ஏறவில்லை. அடிமட்ட எண்ணை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

அதனால்தான் சி2 என்ற அளவு வந்தது. காலை மருந்தை விழுங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது. பதினைந்து நிமிடம் முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் போனால் எண்ணுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் வரைகோடு செங்குத்தாக இருக்கிறது. ஒரு வருடம் தாண்டியவருக்கு சி2 இலக்கு சுமார் 800 நானோகிராம். முதல் மாதத்தில் 1500-க்கு மேல்கூடப் போவார்கள். இந்த நேர ஒழுங்கைத் தினமும் நடத்த முடியாத ஆய்வகத்தில் சி2 எடுப்பதைவிட, அடிமட்டத்தை ஒழுங்காக எடுப்பது மேல்.

தவறுகள் வருவது பெரும்பாலும் மருந்தாலல்ல, ரத்தம் எடுக்கும் விதத்தால். சிலவற்றைச் சொல்லலாம். ஆய்வுக்கு வரும் காலையில் பழக்கத்தில் மாத்திரையை விழுங்கிவிட்டு வருவது மிகச் சாதாரணம். அடிமட்டம் என்று எழுதிய குழாயில் உச்சி ரத்தம் இருக்கும், சைக்ளோஸ்போரின் 650 என்று வரும், யாரோ பயந்து அளவைக் குறைப்பார்கள், இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் ஏறும். எதிர்பாராத எண் வந்தால் முதலில் கேட்க வேண்டியது "கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?" என்பதுதான். அடுத்தது, சைக்ளோஸ்போரினை நரம்பு வழியாகச் செலுத்திய அதே குழாயிலிருந்து ரத்தம் எடுப்பது. மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், கழுவிவிட்டு எடுத்தாலும் எண் பொய்யாக உயரும். வேறு கையிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு மருந்துகளும் சிவப்பணுக்களில் பெருமளவு தங்குவதால் ஈடிடிஏ குழாயில் முழு ரத்தமாகவே அனுப்ப வேண்டும், சீரம் கூடாது. ஆய்வகம் மாறினாலும் எண் மாறும். ஆன்டிபாடி வழியாக அளக்கும் முறை சைக்ளோஸ்போரினின் சிதைவுப் பொருள்களையும் சேர்த்து எண்ணிவிடுவதால், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தரும் எண்ணைவிட அது கூடுதலாக நிற்கும்.

மருந்தின் வடிவமும் ஒரு பொறி. சைக்ளோஸ்போரினின் பழைய எண்ணெய் வடிவம் பித்தத்தை நம்பியே ஏறும். பின்னால் வந்த நுண்குழம்பு வடிவம் அவ்வளவு நம்பாது. மில்லிகிராம் ஒன்றாக இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. கடையில் பெயர் மாறினால் ரத்த அளவை மறுபடியும் பார்க்க வேண்டும்.

இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்

கால்சிநியூரின் டி செல்லில் மட்டும் இருக்கும் நொதி அல்ல. மூளையில் ஏராளம், சிறுநீரகத்திலும் கணையத்தின் பீட்டா செல்லிலும் உண்டு. டி செல்லை அடக்கப் போட்ட பூட்டு அங்கெல்லாம் விழுவதுதான் பல பக்கவிளைவுகளுக்குக் காரணம். அதனால் இரண்டு மருந்துகளும் சிறுநீரக வடிமுடிச்சுக்குள் ரத்தம் கொண்டுவரும் சிறு தமனியைச் சுருக்கும், பொட்டாசியத்தை ஏற்றும், மக்னீசியத்தை இறக்கும், ரத்த அழுத்தத்தை உயர்த்தும். எதை எடுத்தாலும் இந்தப் பட்டியல் கூடவே வரும்.

கிரியாட்டினின் 1.2-இலிருந்து 1.7-க்கு ஏறியிருக்கிறது என்றால், நச்சா நிராகரிப்பா என்று பிரிப்பது இந்த மருந்துகளோடு வாழ்பவர்களின் அன்றாடப் பிரச்சினை. மருந்தின் ரத்த அளவு இலக்குக்கு மேல் இருந்து, அளவைக் குறைத்த சில நாளில் கிரியாட்டினின் இறங்கினால், அது தமனிச் சுருக்கம்தான். ரத்த அளவு இலக்குக்குள் அல்லது கீழே இருந்தாலும், மருந்தைக் குறைத்தும் கிரியாட்டினின் அசையவில்லை என்றாலும் பயாப்சி தேவை. அளவு சரியாக இருக்கிறது என்பதால் நச்சு இல்லை என்றோ நிராகரிப்பு இல்லை என்றோ முடிவுகட்ட முடியாது. பயாப்சியில் சிறுகுழாய்ச் சுவருக்குள் லிம்போசைட்டுகள் புகுந்திருந்தால் நிராகரிப்பு. குழாய்ச் செல்கள் முழுக்க ஒரே அளவுள்ள குமிழிகள் நிறைந்திருந்தால் நச்சு என்று நினைக்க இடமுண்டு. பல வருட நச்சு வேறு முகம் காட்டும். சிறு தமனியின் சுவரில் கண்ணாடி போன்ற முடிச்சுகளும், பட்டை பட்டையாக நார்த்திசுவும் இருக்கும். அந்த நார் இனி போகாது.

பிரியும் இடங்கள்

பக்கவிளைவுகளில் தெளிவாகப் பிரிவது சில இடங்களில்தான். சைக்ளோஸ்போரின் ஈறை வீங்க வைத்துப் பல்லை மூடும், முகத்திலும் கையிலும் முடியை வளர்க்கும், கொழுப்பையும் யூரிக் அமிலத்தையும் ஏற்றும். டாக்ரோலிமஸ் முடியைக் கொட்ட வைக்கும், கையை நடுங்க வைக்கும், வயிற்றோட்டத்தைத் தரும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்கரையை ஏற்றும். சிம்பொனியிலேயே புதிதாக நீரிழிவு வந்தவர்கள் டாக்ரோலிமஸ் குழுவில் 10.6 சதவீதம், வழக்கமான சைக்ளோஸ்போரினில் 6.4 சதவீதம். பீட்டா செல்லுக்கு இன்சுலினைச் சுரக்கவும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் கால்சிநியூரினும் என்ஃபாட்டும் தேவை என்பதால் இது எதிர்பார்க்கக் கூடியதுதான்.

மற்ற மருந்துகளோடு மோதுவதிலும் பெரும்பகுதி பொது. இரண்டையும் உடைப்பது குடலிலும் கல்லீரலிலும் உள்ள சிஒய்பி3ஏ நொதிகள். ஃப்ளூகொனசோல், கிளாரித்ரோமைசின், டில்டியாசெம், எலுமிச்சை, ஆரஞ்சு வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழம் ஆகியவை அளவை ஏற்றும். ரிஃபாம்பிசின், ஃபெனிட்டாயின், கார்பமசெபின் ஆகியவை இறக்கும். ரிஃபாம்பிசின் விஷயத்தில் அளவைப் பல மடங்கு கூட்டியும் பிடிக்க முடியாமல் போவதுண்டு. ஸ்டேட்டின் மட்டும் தனி. சைக்ளோஸ்போரின், ஸ்டேட்டினைக் கல்லீரலுக்குள் எடுத்துச்செல்லும் வாயிலையே அடைத்துவிடுவதால் அது ரத்தத்தில் தேங்கித் தசையைக் கரைக்கும். சிம்வாஸ்டேட்டினைச் சேர்க்கவே கூடாது, ரோசுவாஸ்டேட்டின் 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. டாக்ரோலிமஸில் இந்தத் தொல்லை இல்லை. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்குக் கொடுக்கும் கொல்சிசினும் சைக்ளோஸ்போரினோடு சேர்ந்தால் தசையைக் கெடுக்கும். யூரிக் அமிலம் ஏற்றும் மருந்துதான் அதற்கான மாத்திரையோடும் சண்டை போடுகிறது.

வயிற்றோட்டம் வந்தால் இரண்டும் எதிர்த்திசையில் போகலாம். டாக்ரோலிமஸின் பெரும்பகுதியைக் குடல் சுவரே உடைத்தும் திருப்பித் தள்ளியும் விடுகிறது. வயிற்றோட்டத்தில் அந்தச் சுவர் பழுதாகும்போது காவல் தளர்ந்து அதிக மருந்து உள்ளே ஏறும். சாப்பிட முடியவில்லை, மருந்து குறைந்திருக்கும் என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில் ரத்த அளவு இருமடங்காகி நிற்கும். சைக்ளோஸ்போரினில் இப்படி ஏறுவதை எதிர்பார்ப்பதில்லை.

ஒருவரை மாற்றிப் பார்ப்போம்

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். 38 வயதுப் பெண், எடை 60 கிலோ, சிறுநீரகம் மாற்றி மூன்று வருடம். சைக்ளோஸ்போரின் 125 மில்லிகிராம் இருவேளை, அடிமட்டம் 130, சி2 780. மைக்கோஃபினோலேட் 1 கிராம் இருவேளை, பிரெட்னிசோலோன் 5, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10. கிரியாட்டினின் 1.3-இல் அசையாமல் நிற்கிறது. குறை ஈறும் முகத்து முடியும்தான். நீரிழிவு குடும்பத்தில் யாருக்கும் இல்லை, வெறும் வயிற்றுச் சர்க்கரை 88.

ஈறு மட்டும் என்றால் உடனே மருந்தை மாற்ற வேண்டியதில்லை. அம்லோடிபினும் ஈறை வீங்க வைக்கும் மருந்துதான், இரண்டும் சேர்ந்தால் கூடும். அதை நிறுத்தி வேறு ரத்த அழுத்த மருந்துக்குப் போகலாம். அது லோசார்டானாக இருந்தால் பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டு. பல் மருத்துவரிடம் ஆழமாகச் சுத்தம் செய்யலாம், அசித்ரோமைசின் சில நாள் கொடுத்தால் வீக்கம் வடிவதுண்டு. ஆனால் இவருக்கு முகத்து முடியும் சேர்ந்திருக்கிறது, வெளியே போகவே தயங்குகிறார். அந்த முடி போக வேண்டுமானால் சைக்ளோஸ்போரின் போக வேண்டும். தோற்றத்துக்காக வெறுத்து மாத்திரையைத் தாமாகவே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு, அதற்கு மருந்தை மாற்றுவது எவ்வளவோ மேல்.

மாற்றும் நாள்: இரவு சைக்ளோஸ்போரின் கடைசி வேளை. மறுநாள் காலை, பன்னிரண்டு மணி நேரம் கழித்து, டாக்ரோலிமஸ் தொடக்கம். ஒன்றை ஏற்றி மற்றதைப் படிப்படியாக இறக்குவது கூடாது. அந்த நாட்களில் இரண்டு நச்சும் சேரும். சைக்ளோஸ்போரின் அளவு ஏற்கெனவே மிகையாக இருந்தால் இருபத்து நான்கு மணி நேரம் காத்திருப்பார்கள். தொடக்க அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம், இவருக்கு 6 மில்லிகிராம், அதாவது 3 மில்லிகிராம் இருவேளை.

அதே நாளில் மைக்கோஃபினோலேட்டை 750 மில்லிகிராம் இருவேளையாக இறக்க வேண்டும். நடைமுறையில் மறக்கப்படுவது இதுதான். பித்தப் பம்பை அடைத்திருந்த சைக்ளோஸ்போரின் போனதும், அதே 2 கிராம் திடீரென்று கூடுதலாக வேலை செய்யும். மூன்று நான்கு வாரத்தில் வெள்ளணு 2500-க்கு இறங்கும், வயிற்றோட்டம் வரும். எல்லோரும் புதிய மருந்தைச் சந்தேகிப்பார்கள். குற்றவாளி சீட்டில் மாறாமல் இருந்த வரி.

நான்காம் நாள் அடிமட்டம் 11.2 என்று வருகிறது. மூன்று வருடம் கடந்தவருக்கு 5 முதல் 8 போதும். டாக்ரோலிமஸ் அளவும் ரத்த எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே நகர்வதால் கணக்கு எளிது: 3 மில்லிகிராமுக்கு 11.2 என்றால் 2 மில்லிகிராமுக்குச் சுமார் 7.5. இருவேளையும் 2 ஆக இறக்கி, ஒரு வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். எண் 3 என்று வந்திருந்தால், மருந்து தவறியதா என்று கேட்ட பிறகு, இவர் சிஒய்பி3ஏ5 நொதியை முழுதாகச் சுரக்கும் மரபணு உடையவரா என்று யோசிக்க வேண்டும். அவர்களுக்கு வழக்கத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு மருந்து வேண்டும். சைக்ளோஸ்போரினில் இந்த மரபணு இவ்வளவு தலையிடாது, அதனால் முந்தைய மூன்று வருட அனுபவம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்காது.

அடுத்த மூன்று மாதம் கிரியாட்டினின், பொட்டாசியம், மக்னீசியம் வாரம் ஒன்றாகத் தொடங்கிப் பிறகு இடைவெளி விட்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கூடவே, மூன்று மாத முடிவில் எச்பிஏ1சி. ஸ்டீராய்டு எடுப்பவரின் சர்க்கரை மதியம்தான் ஏறும் என்பதால் மதிய உணவுக்குப் பிந்தைய எண்ணையும் பார்ப்பது நல்லது. முடி சில மாதங்களில் குறையும். ஈறு அதைவிடத் தாமதமாக வடியும், பழைய தடிப்பு கொஞ்சம் மிஞ்சினால் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மாற்றாமல் விடுவது எப்போது

இதே வயதில் இன்னொருவர், உடல் பருமன், அப்பாவுக்கு நீரிழிவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, சைக்ளோஸ்போரினில் ஐந்து வருடம், நிராகரிப்பு ஒருமுறையும் இல்லை, ஈறு சுமார். இவரை மாற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை. சிம்பொனியின் லாபம் முதல் வருடத்தின் நிராகரிப்பில் கிடைத்தது. ஐந்தாம் வருடத்தில் அமைதியாக இருக்கும் ஒருவருக்கு அந்த லாபம் அதே அளவு கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, நீரிழிவு வந்தால் அது வருடக்கணக்கில் தொடரும். டாக்ரோலிமஸில் நீரிழிவு வந்தவர்களைச் சைக்ளோஸ்போரினுக்குத் திருப்பினால் ஒரு பகுதியினருக்குச் சர்க்கரை மருந்தே தேவையில்லாமல் போகிறது. அப்படித் திருப்பும்போது மைக்கோஃபினோலேட் கணக்கு தலைகீழாகும். பம்பு அடைபட்டு அதன் அளவு குறையும், நிராகரிப்புக்கு வாசல் திறக்கும். 750-இல் இருந்தவரை 1 கிராமுக்கு ஏற்ற வேண்டும்.

எதிர்ப்புறத்தில், இரண்டாவது முறை மாற்றிக்கொண்டவர், நன்கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடி உள்ளவர், சைக்ளோஸ்போரினில் இருந்தே நிராகரிப்பு கண்டவர் ஆகியோருக்கு சர்க்கரையைப் பொறுத்துக்கொண்டாவது டாக்ரோலிமஸ்தான்.

இரண்டையும் விட்டுக் கால்சிநியூரினையே தொடாமல் போகும் வழி உண்டா? சிரோலிமஸும் எஃப்கேபிபி-12-ஐத்தான் பிடிக்கிறது, ஆனால் அந்த ஜோடி கால்சிநியூரினுக்குப் போகாமல் எம்டார் என்ற வேறு புரதத்தைப் பிடிக்கிறது. முதல் நாளிலிருந்தே அதைக் கொடுத்த சிம்பொனி குழுவில் நிராகரிப்பு 37.2 சதவீதம். தொடக்கத்துக்கு அது ஆகாது. பெலாட்டாசெப்ட் வேறு. டி செல்லுக்கு வேண்டிய இரண்டாவது சைகையை செல்லுக்கு வெளியிலேயே தடுக்கும் புரதம் அது. சைக்ளோஸ்போரினோடு ஒப்பிட்ட பெனிஃபிட் ஆய்வில் முதல் வருடம் நிராகரிப்பு கூடுதல், ஆனால் ஏழாம் வருடத்தில் வடிகட்டும் திறன் சுமார் 70-க்கு எதிராக 45. சிறு தமனி சுருங்காததன் பலன் இந்த எண்ணில் நேரடியாகத் தெரிகிறது. மாதம் ஒருமுறை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். எப்ஸ்டைன்-பார் வைரஸ் இதுவரை தொற்றாதவருக்கு லிம்போமா ஆபத்தால் கொடுக்கவே கூடாது, ஆகவே முதல் ஊசிக்கு முன் அந்த ஆன்டிபாடிப் பரிசோதனையின் முடிவு கையில் இருக்க வேண்டும்.